வேகமான சிப்பும் ஏன் தோற்கிறது?

வீட்டுக்குத் தளம் போடும் நாளில் ஆட்கள் தரையிலிருந்து மாடி வரை சாரத்தில் வரிசையாக நின்று கான்கிரீட் சட்டியைக் கைமாற்றுவதைப் பார்த்திருப்பீர்கள். யாராவது ஒருவர் குரல் கொடுப்பார். ஒவ்வொரு குரலுக்கும் ஒவ்வொரு சட்டியும் ஒரு கை மேலே ஏறும். எல்லோரும் ஒரே தாளத்தில் இருக்கும்வரை வேலை தடையில்லாமல் ஓடும்.

இந்த வரிசை இரண்டு விதமாகக் குலையலாம். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது: கீழே இருப்பவர் களைத்துப்போய் மெதுவாகத் தருகிறார். அடுத்த குரல் வந்துவிட்டது, சட்டி இன்னும் வந்து சேரவில்லை. மேலே இருப்பவர் வெறுங்கையோடு நிற்கிறார். இன்னொன்றை நாம் அவ்வளவாக யோசிப்பதில்லை: கீழே இருப்பவர் மிகச் சுறுசுறுப்பானவர். குரல் கேட்ட கணமே புதுச் சட்டியை நீட்டிவிடுகிறார். மேலே இருப்பவரோ பழைய சட்டியை இன்னும் கைவிடவில்லை. பழையது சரிகிறது.

நம் கைப்பேசிக்குள் இருக்கும் சிப்பிலும் நடப்பது இதே கைமாற்றம்தான். அதனால்தான் ஒரு சிப்பை வடிவமைப்பவர்கள், அது மெதுவாக ஓடும் நிலையில் தாக்குப்பிடிக்குமா என்று மட்டும் பார்த்து நிறுத்துவதில்லை. மிக வேகமாக ஓடும் நிலையிலும் அதைத் தனியாகச் சோதிக்கிறார்கள். இரண்டாவது சோதனையில் கோட்டைவிட்டால் வரும் பிழைதான் அதிகம் வலிக்கும்.

ஒரு குரல், இரண்டு நிபந்தனைகள்

சிப்பில் சட்டியை ஏந்தி நிற்பவருக்கு ஃபிளிப்-ஃபிளாப் என்று பெயர். அது ஒரு பிட்டை, அதாவது 0 அல்லது 1-ஐ, வைத்திருக்கும். குரல் கொடுப்பது கிளாக். கிளாக் ஒவ்வொரு முறை துடிக்கும்போதும் ஃபிளிப்-ஃபிளாப் தன் வாசலில் இருக்கும் பிட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, முன்பு இருந்ததை விட்டுவிடும். இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்களுக்கு நடுவே கூட்டுவது, ஒப்பிடுவது போன்ற வேலைகளைச் செய்யும் டிரான்சிஸ்டர் கூட்டங்கள் இருக்கும். அவற்றை லாஜிக் என்பார்கள்.

முதல் நிபந்தனை: அடுத்த துடிப்புக்குச் சற்று முன்பே புதுப் பிட் வாசலுக்கு வந்து நிலையாக நிற்க வேண்டும். இதற்கு 'செட்டப்' என்று பெயர். இரண்டாவது நிபந்தனை: துடிப்பு வந்த பிறகும் சிறிது நேரத்துக்கு வாசலில் இருந்த பழைய பிட் மாறக் கூடாது. உள்ளே இழுக்கும் வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்க வேண்டும். இதற்கு 'ஹோல்டு' என்று பெயர்.

செட்டப் இரண்டு துடிப்புகளுக்கு இடைப்பட்ட கதை. ஹோல்டு ஒரே துடிப்புக்குள் நடந்து முடியும் கதை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் வேர் இதுதான்.

சிப்பின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?

ஒரே வரைபடத்தை வைத்துச் செய்த இரண்டு சிப்கள் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. காரணங்கள் மூன்று: தயாரிப்பு, மின்னழுத்தம், வெப்பம். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து இந்தத் துறையில் பி.வி.டி. என்பார்கள்.

தயாரிப்பைப் பொறுத்தவரை, வட்டமான சிலிக்கான் தகட்டில் நூற்றுக்கணக்கான சிப்களை ஒருசேரச் செய்கிறார்கள். டிரான்சிஸ்டரின் வாய் அகலம், அதன் மேல் படியும் ஆக்சைடு படலத்தின் கனம், உள்ளே செலுத்தப்படும் மாசு அணுக்களின் அளவு எதுவும் தகட்டுக்குத் தகடு அச்சாக ஒன்றாக அமையாது. ஒரே மாவு, ஒரே கல், ஆனாலும் தோசைகள் ஒன்றுபோல வருவதில்லை. சில தகடுகளில் டிரான்சிஸ்டர்கள் இயல்பிலேயே வேகமாகவும் சிலவற்றில் மெதுவாகவும் பிறக்கின்றன.

டிரான்சிஸ்டர்களில் என், பி என்று இரண்டு வகை உண்டு. இரண்டும் தனித்தனி படிகளில் உருவாவதால் ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் அமையலாம். ஒரு சதுரம் வரைந்து கிடையாக என் வகையின் வேகத்தையும் செங்குத்தாகப் பி வகையின் வேகத்தையும் குறித்தால், நான்கு மூலைகளில் நான்கு உச்ச நிலைகள் கிடைக்கும். 'கார்னர்' என்ற பெயர் வந்தது இப்படித்தான். இரண்டும் மெதுவானால் SS, இரண்டும் வேகமானால் FF, நடுவில் இருக்கும் சராசரி TT.

அடுத்தது மின்னழுத்தம். 1.8 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் சிப்பின் எல்லா மூலைக்கும் 1.8 போய்ச் சேராது. மாலை நேரத்தில் தெருவின் கடைசி வீட்டில் மின்விளக்கு மங்குவதைப் போல, சிப்பில் பல பகுதிகள் ஒரே நேரத்தில் வேலை செய்யும்போது கடைக்கோடியில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் டிரான்சிஸ்டரில் பாயும் மின்னோட்டம் குறையும், வேகமும் குறையும்.

மூன்றாவது வெப்பம். சூடேறினால் சிலிக்கானின் அணுக்கள் அதிகம் அதிரும். அவற்றின் ஊடே செல்லும் எலக்ட்ரான்கள் மோதித் தடுமாறும். ஆகவே பொதுவாகச் சூட்டில் சிப் மெதுவாகும், குளிரில் வேகமெடுக்கும். கார்களில் பொருத்தப்படும் பல சிப்களை மைனஸ் 40 டிகிரி முதல் 125 டிகிரி செல்சியஸ் வரை வேலை செய்யும்படி வடிவமைக்கிறார்கள்.

கோப்பின் பெயரிலேயே கதை

இதையெல்லாம் வெறும் கொள்கையாகப் பார்க்காமல் நேரில் பார்க்க ஒரு வழி இருக்கிறது. அமெரிக்காவின் மினசோட்டாவில் சிப் செய்யும் ஸ்கைவாட்டர் நிறுவனமும் கூகுளும் சேர்ந்து, அங்குள்ள 130 நானோமீட்டர் தயாரிப்பு முறையின் விவரங்களை 2020-இல் எல்லோருக்கும் திறந்துவிட்டன. அதுவரை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் மட்டுமே பார்க்கக்கூடிய கோப்புகளை இப்போது எந்தக் கல்லூரி மாணவரும் இறக்கிப் பார்க்கலாம். அவற்றில் மூன்றின் பெயர்கள் இவை:

```
sky130_fd_sc_hd__ss_100C_1v60.lib
sky130_fd_sc_hd__tt_025C_1v80.lib
sky130_fd_sc_hd__ff_n40C_1v95.lib
```

பெயரின் கடைசிப் பகுதியைப் படியுங்கள். முதல் கோப்பு, மெதுவான தயாரிப்பு, 100 டிகிரி சூடு, 1.60 வோல்ட். மூன்றும் சேர்ந்து சிப்பை இழுத்துப் பிடிக்கும் நிலை இது. கடைசிக் கோப்பு, வேகமான தயாரிப்பு, மைனஸ் 40 டிகிரி, 1.95 வோல்ட். இங்கே மூன்றும் சேர்ந்து சிப்பை விரட்டுகின்றன. நடுவில் இருப்பது சராசரித் தயாரிப்பு, அறை வெப்பம், 1.80 வோல்ட். கோப்பைத் திறந்தால், ஒவ்வொரு வகைச் சுற்றுக்கும் அந்த நிலையில் எத்தனை நேரம் பிடிக்கும் என்ற அட்டவணைகள் இருக்கும். வடிவமைப்பாளரின் மென்பொருள் அந்த அட்டவணைகளை எடுத்து, சிப்பில் உள்ள ஒவ்வொரு பாதையையும் கூட்டிப் பார்க்கும்.

மெதுவான மூலையில் ஒரு கணக்கு

நாமும் ஒரு பாதையைக் கூட்டிப் பார்ப்போம். எண்கள் கணக்கு புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. கிளாக் நொடிக்கு 10 கோடி முறை துடிக்கிறது. அதாவது இரண்டு துடிப்புகளுக்கு இடையே 10 நானோ நொடி.

சராசரி நிலையில், முதல் ஃபிளிப்-ஃபிளாப்பிலிருந்து பிட் வெளியே வர 0.4 நானோ நொடி ஆகிறது. நடுவே உள்ள லாஜிக்கைக் கடக்க 5.3. அடுத்த ஃபிளிப்-ஃபிளாப் கேட்கும் செட்டப் நேரம் 0.1. மொத்தம் 5.8. கையில் 4.2 மிச்சம். சராசரியை மட்டும் பார்த்தால் நிம்மதியாகத் தூங்கலாம்.

மெதுவான மூலைக்குப் போனால் எல்லாமே 1.8 மடங்கு நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். 5.8 இப்போது 10.44 ஆகிவிட்டது. 0.44 நானோ நொடி பற்றாக்குறை. பிட் வந்து சேருமுன் அடுத்த குரல் வந்துவிடும்.

ஆனால் இந்தப் பிழைக்கு மருந்து உண்டு. குரலை மெதுவாகக் கொடுத்தால் போதும். கிளாக்கை நொடிக்கு 9 கோடியாகக் குறைத்தால் இடைவெளி 11.1 நானோ நொடி. பிட் தாராளமாக வந்து சேரும். தயாரித்து முடித்த சிப்பைக்கூட இப்படிக் காப்பாற்றலாம். வேகம் குறைவு என்று எழுதி விலையைக் குறைத்து விற்கலாம்.

வேகமான மூலையில் இன்னொரு கணக்கு

இப்போது வேறொரு பாதை. இரண்டு ஃபிளிப்-ஃபிளாப்கள் நேரடியாக இணைந்திருக்கின்றன, நடுவே லாஜிக் எதுவும் இல்லை. பிட்களை வரிசையாக நகர்த்தும் ஷிஃப்ட் ரிஜிஸ்டரில் இப்படித்தான் இருக்கும். அதோடு, குரல் எல்லோருக்கும் ஒரே கணத்தில் கேட்பதில்லை. கிளாக் கம்பி நீளமானது, தள்ளி இருக்கும் இரண்டாவது ஃபிளிப்-ஃபிளாப்புக்குத் துடிப்பு 0.20 நானோ நொடி தாமதமாகப் போகிறது.

சராசரி நிலையில், புதுப் பிட் 0.35 நானோ நொடியில் இரண்டாவதின் வாசலுக்கு வந்துவிடும். துடிப்பு அங்கே போய்ச் சேர 0.20, அதன் பிறகு பழைய பிட் மாறாமல் இருக்க வேண்டிய ஹோல்டு நேரம் 0.05. ஆக, 0.25 வரை பழைய பிட் அங்கே இருக்க வேண்டும். புதுப் பிட் 0.35-இல்தான் வருகிறது. 0.10 மிச்சம். பாதை தப்பியது.

வேகமான மூலையில் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கினால் பிரச்சினையே இல்லை. மிச்சமும் சுருங்கும், ஆனால் மிச்சமாகவே இருக்கும். சிக்கல் என்னவென்றால் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்குவதில்லை. டிரான்சிஸ்டர்கள் வேகமெடுக்கின்றன. உலோகக் கம்பிக்கு அந்த உற்சாகம் கிடையாது. டிரான்சிஸ்டர் வேகமாக அமைந்தாலும், அழுத்தத்தைக் கூட்டினாலும் கம்பியின் தாமதம் கிட்டத்தட்ட அப்படியே நிற்கும்.

கணக்கில் போடுவோம். பிட் வரும் நேரம் 0.35-லிருந்து 0.21 ஆகக் குறைகிறது. கம்பியால் வந்த தாமதம் 0.20-லிருந்து 0.19 ஆக மட்டுமே குறைகிறது. ஹோல்டு நேரம் 0.03. பழைய பிட் 0.22 வரை இருந்தாக வேண்டும், புதுப் பிட்டோ 0.21-இலேயே வந்து நிற்கிறது. பற்றாக்குறை 0.01 நானோ நொடி. அந்த நேரத்தில் ஒளியே 3 மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் அது போதும். இரண்டாவது ஃபிளிப்-ஃபிளாப் பழைய பிட்டை விட்டுவிட்டுப் புதியதைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே குரலில் ஒரு சட்டி இரண்டு கை தாண்டிவிட்டது.

இந்தக் கணக்கில் 10 நானோ நொடி என்ற எண் எங்கேயாவது வந்ததா? வரவில்லை. கிளாக்கை எவ்வளவு மெதுவாக ஓட்டினாலும், நொடிக்கு ஒரே ஒரு துடிப்பு என்று ஓட்டினாலும், இந்தப் பிழை அப்படியே இருக்கும். குரலுக்குக் குரல் எவ்வளவு நேரம் விட்டாலும், ஒரே குரலுக்குள் அவசரப்படுபவரை அது நிதானப்படுத்தாது. செட்டப் பிழை சிப்பின் வேகத்தைக் குறைக்கிறது. ஹோல்டு பிழை சிப்பையே கொல்கிறது.

உண்மையிலேயே நடந்தது

ஸ்கைவாட்டரின் கோப்புகள் திறந்துவிடப்பட்ட பிறகு, ஆர்வலர்களும் மாணவர்களும் அனுப்பிய வடிவமைப்புகளை இலவசமாகச் சிப்பாக்கித் தரும் திட்டம் ஒன்று தொடங்கியது. கூகுள் செலவை ஏற்க, ஈஃபேப்லெஸ் நிறுவனம் நடத்தியது. ஒவ்வொருவரின் வடிவமைப்பும் 'கேரவெல்' என்ற பொதுச் சட்டகத்துக்குள் உட்கார்ந்தது. பயனர் பயன்படுத்த அதில் 38 கால்கள். ஒவ்வொரு காலும் உள்ளே வாங்குமா, வெளியே தருமா என்பதைச் சொல்ல 13 பிட். இந்தப் பிட்கள் ஒரு காலிலிருந்து அடுத்த காலுக்கு ஷிஃப்ட் ரிஜிஸ்டர் வழியே வரிசையாக நகர்த்தப்பட்டன.

ஆரம்பகாலச் சிப்கள் சிலவற்றில், ஒரு காலின் தொகுதியிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தில் ஹோல்டு பிழை இருந்தது. பிட் நழுவி ஒரு படி தாண்டியது. அதற்குப் பின் வரும் கால்களுக்கெல்லாம் அமைப்பு தப்பாகப் போய்ச் சேர்ந்தது.

இதற்குக் கிடைத்த வைத்தியம் சுவையானது. சிப்பை மாற்ற முடியாது, கிளாக்கை மெதுவாக்கியும் பயனில்லை. ஆகவே ஒவ்வொரு சிப்பையும் தனித்தனியே சோதித்து, எந்தக் காலுக்கும் எந்தக் காலுக்கும் நடுவே பிட் நழுவுகிறது என்று கண்டுபிடிக்கும் நிரலை வெளியிட்டார்கள். அது ஒவ்வொரு இடத்தையும் `H_NONE`, `H_DEPENDENT`, `H_INDEPENDENT` என்று குறிக்கும். நழுவவில்லை, பிட்டைப் பொறுத்து நழுவுகிறது, எப்போதும் நழுவுகிறது என்று பொருள். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு, நழுவும் என்று தெரிந்தே அதற்கேற்பப் பிட்களை மாற்றி அனுப்பினால் சரியான இடத்தில் போய் உட்காரும். ஒரே வரைபடம்தான், ஆனால் சிப்புக்குச் சிப் பட்டியல் மாறியது. பி.வி.டி. என்பது காகிதக் கணக்கல்ல என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டாம்.

இந்த வைத்தியம் பலித்ததற்குக் காரணம், அது பிட் வரிசையை அனுப்பும் எளிய பாதை. கூட்டல் கணக்குப் போடும் பாதையில் இதே பிழை வந்திருந்தால் சிப்பைக் குப்பையில் போட வேண்டியதுதான்.

எந்தப் பிழை என்று எப்படித் தெரியும்?

சோதனைக் கூடத்தில் சிப் தவறு செய்தால் பொறியாளர் முதலில் கிளாக்கைக் குறைத்துப் பார்ப்பார். சரியானால் அது செட்டப். குறைத்தும் அதே தவறு வந்தால் ஹோல்டின் மேல் சந்தேகம் விழும். பிறகு அழுத்தத்தையும் வெப்பத்தையும் மாற்றிப் பார்ப்பார். ஒரு பக்கம் அழுத்தம், மறு பக்கம் கிளாக் வேகம் என்று கட்டம் கட்டி, வேலை செய்த இடங்களையும் செய்யாத இடங்களையும் குறித்தால் ஒரு படம் கிடைக்கும். அதற்கு 'ஷ்மூ' படம் என்று பெயர், அமெரிக்கக் கேலிச்சித்திரத் தொடர் ஒன்றில் வரும் உருவத்தின் பெயர் அது. செட்டப் பிழையானால் எல்லைக்கோடு சாய்வாக ஓடும், அழுத்தம் கூடக் கூட வேகமும் கூடும். ஹோல்டு பிழையானால் குறிப்பிட்ட அழுத்தத்தில் சுவர்போல நேராக நிற்கும். கிளாக் வேகம் எதுவானாலும் அந்தச் சுவர் நகராது.

மருந்தே நோயாகும் இடம்

வடிவமைக்கும்போதே கண்டுபிடித்தால் ஹோல்டுக்கு மருந்து எளிது. நம் கணக்கில், அந்தக் குட்டிப் பாதையில் வேண்டுமென்றே தாமதப்படுத்தும் ஒரு சுற்றைச் சேர்க்கலாம். சராசரியில் 0.3 நானோ நொடி தாமதிக்கும் சுற்று வேகமான மூலையில் 0.18 தரும். பற்றாக்குறை 0.01 போய் 0.17 மிச்சமாகும்.

ஆனால் அதே சுற்று மெதுவான மூலையில் 0.54 நானோ நொடி எடுக்கும். அதை நாம் முதலில் பார்த்த நீண்ட பாதையும் கடந்து போக நேர்ந்தால், ஏற்கெனவே இருக்கும் 0.44 பற்றாக்குறை 0.98 ஆகிவிடும். ஒரு மூலையில் போட்ட ஒட்டு இன்னொரு மூலையில் கிழிகிறது. அதனால் தாமதச் சுற்றைக் குட்டிப் பாதைக்கு மட்டும் சொந்தமான இடத்தில் வைக்க வேண்டும். வைத்த பிறகு இரண்டு மூலைகளிலும் மறுபடி கூட்டிப் பார்க்க வேண்டும்.

சூடு, குளிர் இடம் மாறினால்

சூட்டில் மெதுவாகும் என்று மேலே எழுதினேன். அதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. டிரான்சிஸ்டர் திறக்க ஒரு குறைந்தபட்ச அழுத்தம் வேண்டும். அதைக் கழித்து மிஞ்சும் அழுத்தம்தான் வேலை செய்யும். சூடேறினால் அந்தக் குறைந்தபட்சம் டிகிரிக்குச் சுமார் 1 மில்லிவோல்ட் என்ற அளவில் இறங்குகிறது, குளிரில் ஏறுகிறது. 125 டிகிரியிலிருந்து மைனஸ் 40-க்கு வந்தால் சுமார் 0.165 வோல்ட் மாற்றம்.

1.8 வோல்ட்டில் ஓடும் சிப்புக்கு இது பெரிய இழப்பல்ல. 0.7 வோல்ட்டில் ஓடும் புதிய சிப்பில், திறக்கவே 0.4 போய்விட்டால் கையில் இருப்பது 0.3. அதில் 0.165 போனால் பாதிக்கு மேல் போனதுபோல. அங்கே குளிர்தான் சிப்பை மெதுவாக்கும். ஆகவே மெதுவான மூலை எது என்பதை ஊகத்துக்கு விட முடியாது. ஸ்கைவாட்டர் கோப்புகளிலும் மெதுவான தயாரிப்புக்கு 100 டிகிரி மட்டுமின்றி மைனஸ் 40 டிகிரிக்கும் தனி அட்டவணை உண்டு.

இன்னொரு ஓட்டையும் உண்டு. சிப் முழுவதும் ஒரே மூலையில் இருப்பதாகத்தான் இந்தக் கணக்குகள் எண்ணுகின்றன. உண்மையில் பக்கத்துப் பக்கத்து டிரான்சிஸ்டர்களுக்குள்ளேயே சிறு வேறுபாடு இருக்கும். அதற்காகப் பிட் வரும் பாதையை ஒரு சில சதவீதம் வேகமாகவும் கிளாக் பாதையை ஒரு சில சதவீதம் மெதுவாகவும் எண்ணிக் கொஞ்சம் கூடுதல் இடம் விடுகிறார்கள். விட்ட இடம் குறைந்தால் சிப் சாகும், அதிகமானால் வீணான தாமதச் சுற்றுகள் இடத்தையும் மின்சாரத்தையும் தின்னும்.

சிப் வடிவமைப்பைப் படிக்கும் மாணவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் மென்பொருள் சராசரி மூலையில் பச்சை விளக்கு காட்டினால் அதை நம்பிக் கோப்பை மூடாதீர்கள். மெதுவான மூலையில் செட்டப்பையும் எல்லா மூலைகளிலும் ஹோல்டையும் பாருங்கள். நேரம் போதாமல் இரண்டில் ஒன்றில்தான் தவறு விட முடியும் என்றால், செட்டப்பில் விடுங்கள். அதைக் கிளாக் மன்னிக்கும்.